8 மாத வீடு 11 மாதம் ஆவது ஏன்? திட்டமிடல் மயக்கம், ஓர் எளிய விளக்கம்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்ற பழமொழியைக் கேட்காமல் நம் ஊரில் யாரும் வீடு கட்டத் தொடங்குவதில்லை. மைத்துனர் வீடு ஒன்றரை வருடம் இழுத்த கதை தெரியும். எதிர் வீட்டுக்காரர் பூச்சு வேலை முடியாமலேயே பால் காய்ச்சிக் குடிபோனதும் தெரியும். ஆனாலும் நம் மனையில் பூமி பூஜை போடும் அன்று, பொறியாளர் 8 மாதம் என்று சொன்னதும், தை மாதம் குடிபோய்விடலாம் என்று மனதுக்குள் நாள் குறித்துவிடுகிறோம். பொறியாளரும் பொய் சொல்லவில்லை. அவரும் அதை நம்பித்தான் சொல்கிறார். 12 வீடு கட்டி, அதில் பாதிக்கு மேல் தாமதமாக முடித்த அனுபவம் உள்ளவர்தான் அவர்.

இங்கே கவனிக்க வேண்டியது தாமதத்தை அல்ல. இதே மாதிரி வேலைகள் வழக்கமாகத் தாமதமாகும் என்று தெரிந்திருந்தும், இந்த ஒரு வேலை மட்டும் சொன்னபடி முடியும் என்று நம்புகிறோமே, அதைத்தான். டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதற்குப் 'பிளானிங் ஃபாலஸி' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கட்டுரையில் அதைத் திட்டமிடல் மயக்கம் என்று சொல்லிக்கொள்வோம்.

## எது மயக்கம், எது இல்லை

அலுவலகப் பேச்சில் இது மிகவும் தளர்வாகப் புழங்குகிறது. சோம்பேறித்தனத்தால் வேலை தள்ளிப்போனாலும் அதே பெயர். டெண்டரைப் பிடிப்பதற்காக வேண்டுமென்றே குறைத்துச் சொன்னாலும் அதே பெயர். இரண்டும் வேறு.

வேலையைத் தள்ளிப்போடுகிறவருக்குச் சிக்கல் வேலை செய்வதில் இருக்கிறது. திட்டமிடல் மயக்கத்தில் சிக்கல் கணிப்பில் இருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை கடுமையாக உழைப்பவரின் கணிப்பும் பிசகும். வேண்டுமென்றே குறைத்துச் சொல்பவருக்கோ மயக்கமே கிடையாது. உண்மையான எண் அவர் மனதில் தெளிவாக இருக்கிறது. அவருக்கு மருந்து ஒப்பந்த விதிகளிலும் தணிக்கையிலும்தான் உண்டு, கணிப்பு முறையில் இல்லை. பெரிய அரசுத் திட்டங்களில் இரண்டும் கலந்தே வருவதால் பிரித்தறிவது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு சொல் 'ஆப்டிமிசம் பயஸ்', தமிழில் நம்பிக்கைச் சாய்வு. இது விரிந்த பொருள் கொண்டது. நல்லது நடக்கும் வாய்ப்பைக் கூட்டியும் கெட்டது நடக்கும் வாய்ப்பைக் குறைத்தும் மதிப்பிடும் பொதுவான மனப்போக்கு இது: நமக்கு விபத்து நேராது, நம் கடை நொடிக்காது என்பதெல்லாம் இதில் அடங்கும். இந்தச் சாய்வு நம் சொந்த வேலையின் நாளையும் செலவையும் கணிக்கும்போது எடுக்கும் வடிவம்தான் திட்டமிடல் மயக்கம்.

சுருக்கமாக, சோம்பலோ பொய்யோ இல்லாமல், நேர்மையாகவும் அக்கறையோடும் செய்த கணிப்பே குறைவாக வந்து நிற்பதைப் பற்றித்தான் இனிப் பேசப்போகிறோம்.

## கணிப்பு மனதுக்குள் எப்படி உருவாகிறது

8 மாதம் என்று சொல்வதற்கு முன் பொறியாளர் என்ன செய்தார் என்று பாருங்கள். அடித்தளத்துக்கு ஒரு மாதம், தளமட்டத்திலிருந்து சுவர் எழுப்ப ஒன்றரை மாதம், சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக் கூரை போட ஒரு மாதம் என்று வேலையை மனதில் ஓட்டிப் பார்த்துக் கூட்டினார். அந்த ஓட்டத்தில் கொத்தனார் தினமும் வருகிறார். எம்-சாண்ட் லாரி சொன்ன நாளில் வருகிறது. ஊர்க் கோயிலில் காப்புக் கட்டியதும் ஆட்கள் கிளம்பிப் போகும் இரண்டு வாரம் அதில் இல்லை. வீட்டுக்காரரின் மனைவி சமையலறைச் சுவரை மூன்றடி தள்ளிக் கட்டச் சொல்லும் நாளும் இல்லை. இந்த வேலையின் உள்ளே நின்று, அதன் படிகளை மட்டும் வைத்துக் கணிப்பதற்கு உட்பார்வை என்று பெயர்.

இதே வகையைச் சேர்ந்த மற்ற வேலைகள் உண்மையில் எவ்வளவு நாள் எடுத்தன என்று மட்டும் பார்ப்பது வெளிப்பார்வை. அதற்கு இந்த வீட்டின் வரைபடம்கூடத் தேவையில்லை. இந்த ஊரில் இந்த அளவு வீடுகள் எத்தனை மாதத்தில் முடிந்தன? அவ்வளவுதான் கேள்வி.

இந்த இரண்டு பார்வைகளும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க முடியும் என்பதைக் கானெமன் தன் கண்ணால் பார்த்தார். 1970-களில் இஸ்ரேலில், உயர்நிலைப் பள்ளிகளுக்காக முடிவெடுத்தல் பற்றிய பாடத்திட்டத்தையும் பாடநூலையும் உருவாக்கும் குழு ஒன்றை அவர் அமைத்திருந்தார். ஏறத்தாழ ஓராண்டு வேலை நடந்தபின், வேலை முடிய இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே தாளில் எழுதச் சொன்னார். எல்லாக் கணிப்புகளும் இரண்டு ஆண்டை ஒட்டியே இருந்தன.

குழுவில் சீமோர் ஃபாக்ஸ் என்ற பாடத்திட்ட வல்லுநர் இருந்தார். கானெமன் அவரிடம் திரும்பி, இப்படிப் புதிதாகப் பாடத்திட்டம் உருவாக்கிய வேறு குழுக்கள் நம் நிலையில் இருந்தபோது அவற்றுக்கு மேற்கொண்டு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டார். ஃபாக்ஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஏறத்தாழ 40 விழுக்காடு குழுக்கள் வேலையை முடிக்கவே இல்லை என்றார். முடித்தவர்களுக்கு? 7 ஆண்டுக்குக் குறைவாக எதுவும் நினைவில் இல்லை, அதிகம் போனால் 10. நம் குழு அவர்களைவிடத் திறமையானதா என்ற கேள்விக்கு, சராசரிக்குச் சற்றுக் கீழே என்றார்.

சில நிமிடங்களுக்கு முன் தாளில் இரண்டு ஆண்டு என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். தகவல் முழுவதும் அவரிடமே இருந்தது; கேட்கும்வரை அது கணிப்புக்குள் வரவில்லை. கேட்ட பிறகாவது குழு மாறியதா என்றால், அதுவும் இல்லை. வேலையைத் தொடர்ந்தார்கள். எட்டு ஆண்டு கழித்து அது முடிந்தபோது கல்வித் துறைக்கு ஆர்வம் போய்விட்டிருந்தது. பாடநூல் பயன்படுத்தப்படவே இல்லை.

## 'மோசமாகப் போனால்' என்று கேட்டாலும்

ஒரே ஒரு குழுவின் கதை போதாது என்று தோன்றலாம். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994-இல் கனடாவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 உளவியல் மாணவர்களிடம் அது எப்போது முடியும் என்று கேட்டார்கள். சராசரிக் கணிப்பு 33.9 நாள். எல்லாம் நன்றாகப் போனால் எவ்வளவு என்றதற்கு 27.4 நாள். எல்லாம் மோசமாகப் போனால் எவ்வளவு என்றதற்கு 48.6 நாள். உண்மையில் ஆனது சராசரியாக 55.5 நாள். தாங்களே சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு.

நிறுவனங்களில் திட்டக் கூட்டம் நடத்துகிறவர்கள் இந்த மூன்றாவது எண்ணைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 'மோசமான நிலைமைக்கும் ஒரு எண் கேட்டு வாங்கிவிட்டோம்' என்று நிம்மதியடைவது வழக்கம். ஆனால் அந்த மாணவர்கள் கற்பனை செய்த மோசமான நிலைமையைவிட, சராசரியாக நடந்ததே மோசமாக இருந்தது. அதே வழியில் வந்த இன்னோர் ஆய்வில், 99 விழுக்காடு உறுதியாக முடித்துவிடும் நாள் எது என்று கேட்டார்கள். அந்த நாளுக்குள் முடித்தவர்கள் 45 விழுக்காடுதான்.

காரணம் எளிது. மோசமான நிலைமையையும் நாம் உட்பார்வையிலிருந்தே கற்பனை செய்கிறோம். மனதில் ஓடும் அதே கதையில் ஒரு தடங்கலை, மிஞ்சினால் இரண்டு தடங்கலைச் செருகுகிறோம். கதை மாறுவதில்லை.

அப்படியானால் பழைய அனுபவத்தை நினைவுபடுத்தினால் போதுமா? அதையும் சோதித்தார்கள். முன்பு இத்தகைய வேலைகள் எப்படிப் போயின என்று நினைவுகூர மட்டும் செய்தபோது கணிப்பு திருந்தவில்லை. அந்த அனுபவத்தை இந்த வேலையோடு பொருத்தி, இதுவும் அப்படியே போனால் எப்போது முடியும் என்று எழுத வைத்தபோதுதான் சாய்வு போனது. நினைவு ஒரு பக்கம், கணிப்பு ஒரு பக்கம் என்று கிடக்கும். இரண்டையும் கட்டிவைக்கும் வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

## தாமதம் ஒரே பக்கம் சாய்வது ஏன்

உளவியலை ஒதுக்கி வைத்தாலும் கணக்கு நமக்கு எதிராகவே இருக்கிறது. வீட்டு வேலையை ஏழு கட்டமாகப் பிரித்துக்கொள்வோம்: அடித்தளம், சுவர், கூரை, பூச்சு, மின்சாரமும் குழாயும், தரை, பெயிண்ட். ஒவ்வொரு கட்டமும் சொன்ன நாளில் முடிய 90 விழுக்காடு வாய்ப்பு என்று வைப்போம். கேட்பதற்கு நல்ல எண்தான். ஆனால் ஏழும் சொன்ன நாளில் முடிய வேண்டும் என்றால் 0.9-ஐ ஏழு முறை பெருக்க வேண்டும். விடை 0.48. ஒவ்வொரு கட்டத்திலும் அவ்வளவு நம்பகமான ஆட்கள் இருந்தும், எந்தக் கட்டமும் பிசகாமல் போக இரண்டில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

ஒரு கட்டம் தாமதமானால் இன்னொன்று சீக்கிரம் முடிந்து ஈடு செய்யாதா? பெரும்பாலும் செய்யாது. கூரைக் கான்கிரீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கூரைத் தளத்தின் வீச்சு, அதாவது தாங்கும் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம், 4.5 மீட்டரைத் தாண்டினால் அடியில் கொடுத்த முட்டுகளை 14 நாளுக்கு எடுக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. எவ்வளவு திறமையான மேஸ்திரியாக இருந்தாலும் அந்த 14 நாளை 10 ஆக்க முடியாது. ஆனால் மழை வந்தாலோ சென்ட்ரிங் ஆள் வேறு தளத்துக்குப் போய்விட்டாலோ அது 25 நாள் ஆகும். சீக்கிரம் முடிவதற்கு ஒரு தரை உண்டு. தாமதத்துக்குக் கூரை கிடையாது.

பூச்சு வேலை ஒரு வாரம் முன்னதாகவே முடிந்தது என்று வைத்தாலும், டைல்ஸ் ஒட்டுபவர் தாம் ஒத்துக்கொண்ட தேதியில்தான் வருவார். மிச்சப்பட்ட வாரம் காலியாகக் கிடந்து வீணாகும். பூச்சு ஒரு வாரம் பிந்தினாலோ அவர் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வருவார். மிச்சம் கைக்கு வராது, பிந்தல் மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

ஆக, இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. மனம் தடங்கலில்லாத கதையையே ஓட்டிக் காட்டுகிறது. உலகில் தடங்கல்கள் பின்னோக்கி மட்டுமே இழுக்கின்றன.

## திருத்துவது: வெளியிலிருந்து தொடங்குவது

'எஸ்டிமேட்டை இரண்டால் பெருக்கிவிடு' என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சில வகை வேலைக்கு இரண்டு மிக அதிகம், சில வகைக்குப் போதாது. அதோடு, எப்படியும் பெருக்குவார்கள் என்று தெரிந்ததும் கணிப்பவர்கள் முதல் எண்ணை அதற்கேற்பத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். எதனால் பெருக்க வேண்டும் என்பதைப் பழைய பதிவிலிருந்து எடுப்பதே சரியான வழி.

எடுத்துக்காட்டாக ஒரு பொறியாளரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு சிறு நகரத்தில், இரண்டு படுக்கையறை கொண்ட தனி வீடுகள் கட்டிக் கொடுப்பவர். கடைசியாக அவர் முடித்த 8 வீடுகளுக்கு, தொடக்கத்தில் சொன்ன மாதமும் உண்மையில் ஆன மாதமும் அவரிடம் இருக்கின்றன: 7 சொல்லி 7, 9 சொல்லி 10, 8 சொல்லி 10, 9 சொல்லி 12, 8 சொல்லி 11, 6 சொல்லி 9, 10 சொல்லி 16, 8 சொல்லி 17.

இந்தத் தொகுப்புக்கு ஒப்பீட்டுத் தொகுதி என்று பெயர். புதிய வேலையோடு ஒப்பிடத்தக்க, ஏற்கெனவே முடிந்த வேலைகளின் கூட்டம். ஒவ்வொன்றிலும் ஆன மாதத்தைச் சொன்ன மாதத்தால் வகுத்துச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும்: 1.0, 1.11, 1.25, 1.33, 1.38, 1.5, 1.6, 2.13.

இப்போது ஒன்பதாவது வீட்டுக்கு உட்பார்வையில் 8 மாதம் என்று வருகிறது. அடுக்கின் நடுவில் 1.33-உம் 1.38-உம் நிற்கின்றன, இடைப்பட்டதாக 1.35 என்று கொள்வோம். 8-ஐ அதனால் பெருக்கினால் 10.8, அதாவது 11 மாதம். பழைய வீடுகளில் பாதி இந்த அளவுத் தாமதத்துக்குள் முடிந்தன, பாதி தாண்டின. எட்டில் ஆறு வீடுகள் 1.5-க்குள் அடங்கின, அதன்படி 12 மாதம். எட்டில் ஏழு 1.6-க்குள் அடங்கின, அதன்படி 13 மாதம்.

ஒரு தேதிக்குப் பதிலாக இப்போது ஓர் அடுக்கு கிடைத்திருக்கிறது. எட்டே வீடுகள் என்பது சிறிய தொகுதிதான். ஆனால் ஒன்றுமே பார்க்காமல் சொன்ன எண்ணைவிட எட்டு வீட்டைப் பார்த்துச் சொன்ன எண் எவ்வளவோ மேல். தொகுதியைத் தேர்வதில் ஒரு இழுபறி உண்டு. 'இதே தெரு, இதே மேஸ்திரி, இதே அளவு' என்று குறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு வீடுதான் மிஞ்சும். 'எல்லாக் கட்டுமானமும்' என்று விரித்தால் மேம்பாலமும் அதில் வந்து உட்கார்ந்துவிடும். வேலையின் வகையும் அளவும் ஒத்திருந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

வரிசையும் முக்கியம். முதலில் பழைய பதிவைப் பார்த்து எண்ணை எழுதிவிட்டுத்தான் இந்த வீட்டின் தனித்தன்மைகளுக்குள் போக வேண்டும். 8 என்ற எண் முதலில் வந்துவிட்டால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு 13 என்பது நம்ப முடியாத எண்ணாகத் தோன்றும்.

## அந்த 17 மாத வீட்டை என்ன செய்வது

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குவார்கள். பொறியாளர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "அந்தக் கடைசி வீட்டை விடுங்கள் சார். பங்காளி கேஸ் போட்டுத் தடை வாங்கிவிட்டார். அது எங்கள் தப்பில்லை."

அவர் சொல்வது உண்மை. ஆனால் 16 மாதம் ஆன வீட்டைக் கேட்டால், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வராமல் இரண்டாவது முறை போட வேண்டியிருந்தது என்பார். 9 மாத வீட்டில் மேஸ்திரிக்குக் கால் முறிந்தது. ஒவ்வொரு தாமதத்துக்கும் இனி ஒருபோதும் நடக்காத மாதிரி ஒரு தனிக் கதை இருக்கும். எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டே வந்தால், 7 சொல்லி 7-இல் முடிந்த ஒரே ஒரு வீடு மிஞ்சும். அதுதான் மயக்கம் மறுபடி உள்ளே நுழையும் வாசல்.

அதே பங்காளி வழக்கு மறுபடி வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஏதோ ஒன்று வரும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு வேலையைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமென்றால், அந்த வகைத் தடங்கல் இந்த வேலைக்கு வர வழியே இல்லை என்று தொடங்கும் முன்பே காட்ட முடிய வேண்டும். மனைப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் வழக்கறிஞரிடம் கொடுத்துச் சரிபார்த்த பின், 17-இன் எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் கொஞ்சம்தான்.

## எடின்பரோ டிராம்: திருத்தியும் தப்பியது

இந்த முறையைப் பெரிய திட்டங்களுக்குக் கொண்டுவந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர். சாலை, ரயில், பாலம், சுரங்கப்பாதை எனப் பல நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களின் செலவை அவரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. ரயில் திட்டங்களில் சராசரி மிகை 45 விழுக்காடு. இத்தகைய பதிவுகளை வைத்து, 2004-இல் பிரிட்டன் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கையேடு தயாரானது. ரயில் வகைத் திட்டம் செலவுக்குள் அடங்க 50 விழுக்காடு வாய்ப்பு போதும் என்றால் அடிப்படை மதிப்பீட்டோடு 40 விழுக்காடு கூட்டு. 80 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால் 57 விழுக்காடு கூட்டு. நம் பொறியாளரின் அடுக்கு என்ன செய்ததோ, அதையேதான் இதுவும் செய்கிறது.

அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், டிராம் இரண்டாம் தடத்துக்கான திட்ட அறிக்கை மறுஆய்வுக்கு வந்தது. அடிப்படைச் செலவு 25.5 கோடி பவுண்டு; எதிர்பாராச் செலவுக்கு 25 விழுக்காடு கூட்டி ஏறத்தாழ 32 கோடி என்று போட்டிருந்தார்கள். மறுஆய்வாளர்கள் அந்த அடிப்படை மதிப்பீடு திறமையாகவும் முழுமையாகவும் செய்யப்பட்டது என்றே சொன்னார்கள். ஆனாலும் கையேட்டின்படி கணக்கிட்டால் 50 விழுக்காடு வாய்ப்புக்கே 35.7 கோடி வேண்டும், 80 விழுக்காட்டுக்கு 40 கோடி வேண்டும். உள்ளே எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் வெளியிலிருந்து வரும் திருத்தம் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்தது பாதிப் பாடம்தான் இதுவரை பேசியது என்று காட்டியது. இரண்டு தடங்களின் பகுதிகள் சேர்ந்து ஒரே தடமாகின. 2008-இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது மொத்த நிதி 54.5 கோடி பவுண்டு, திறப்பு 2011 என்று திட்டம். தெருவுக்கு அடியில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய்களையும் கேபிள்களையும் நகர்த்தும் வேலை எதிர்பார்த்ததைவிட மிகவும் நீண்டது. லீத் பகுதியின் கான்ஸ்டிட்யூஷன் தெருவில் தோண்டியபோது பழைய இடுகாட்டிலிருந்து நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. வடிவமைப்பு முழுமையடையும் முன்பே ஒப்பந்தம் போட்டிருந்ததால், யார் எதற்குப் பணம் கொடுப்பது என்ற சண்டையில் வேலை நின்றது. கடைசியில் 2014 மே 31 அன்று, விமான நிலையத்திலிருந்து யார்க் பிளேஸ் வரையான 14 கிலோமீட்டருக்கு மட்டும் டிராம் ஓடியது. செலவு 77.6 கோடி பவுண்டு. எலும்புக்கூடுகள் கிடைத்த லீத் வரை தடம் போய்ச் சேர 2023 ஆனது.

40 கோடியையும் 77.6 கோடியையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. தடம் மாறிவிட்டது, ஆண்டும் பணமதிப்பும் மாறிவிட்டன. ஆனால் இரண்டு விஷயங்கள் தெளிவு. 80 விழுக்காடு வாய்ப்பு என்றால் ஐந்தில் ஒன்று அதையும் தாண்டும் என்பது அதன் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. மேலும், கணிப்பைத் திருத்துவது கணிப்பை மட்டுமே திருத்தும். அரைகுறை வரைபடத்தோடு ஒப்பந்தம் போடும் பழக்கத்தை அது திருத்தாது.

## பழைய பதிவே இல்லாதபோது

புதிதாகத் தொழிலுக்கு வந்தவருக்கு எட்டு வீட்டுக் கணக்கு எங்கே கிடைக்கும்? இரண்டு சிறிய வழிகள் உண்டு, இரண்டும் ஓரளவே உதவும்.

ஒன்று, வேலையை உடைத்து எழுதுவது. 'மின்சார வேலை, 3 வாரம்' என்று ஒரே வரியில் எழுதாமல், சுவரில் காடி வெட்டுவது, குழாய் பதிப்பது, கம்பி இழுப்பது, சுவிட்ச் பெட்டி வாங்குவது, மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பது, மீட்டர் வரக் காத்திருப்பது என்று எழுதினால் எண் தானே ஏறும். ஜஸ்டின் குரூகர், மாட் எவன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2004-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் உடைத்து எழுதும்போது நமக்குத் தெரிந்த படிகள்தாம் வெளியே வரும். பங்காளி வழக்கு என்று யாரும் ஒரு வரி எழுதி வைப்பதில்லை.

மற்றொன்று, வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கேட்பது. நம் வேலையைப் பற்றி நாம் கணிக்கும்போது வரும் நம்பிக்கைச் சாய்வு, அடுத்தவர் வேலையைப் பற்றிக் கணிக்கும்போது வருவதில்லை. பார்வையாளர்கள் சில சமயம் தேவைக்கு மேலேயே நாள் சொல்கிறார்கள். இன்னொரு பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டி, "நான் இதை எப்போது முடிப்பேன் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும். 'நீங்கள் என்றால் எப்போது முடிப்பீர்கள்?' என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அவரும் அதே மயக்கத்தில் விழுவார்.

## வேலை நடுவில் வரும் மயக்கம்

தொடக்கக் கணிப்பைச் சரிசெய்தவர்களும் நடுவில் சறுக்குவதுண்டு. 8 மாத வீட்டில் முதல் 2 மாத வேலைக்கு 3 மாதம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 'அடுத்த கட்டங்களில் பிடித்துவிடலாம்' என்பவர் இன்னும் 8 மாதம் என்றே சொல்கிறார். 'ஒரு மாதம் போய்விட்டது' என்பவர் 9 என்கிறார். இருவரும் மீதி 6 மாத வேலை திட்டப்படி போகும் என்று நம்புகிறார்கள், இதுவரை எதுவுமே திட்டப்படி போகாதபோதும். மீதி 6 மாதத்தையும் அதே 1.35-ஆல் பெருக்கினால் 8.1, கழிந்த 3 மாதத்தோடு சேர்த்தால் 11 மாதம். இதுவரை கண்ட 1.5 வேகமே தொடர்ந்தால் 12 மாதம். இரண்டாவது எண்ணுக்கும் தயாராக இருப்பதுதான் புத்தி.

எந்தத் தேதியை யாருக்குச் சொல்வது என்பதும் இங்கே தீர்ந்துவிடுகிறது. டைல்ஸ் ஒட்டுபவருக்கும் பெயிண்டருக்கும் 11 மாதக் கணக்கில் தேதி கொடுக்கலாம். தவறினால் ஒரு போனில் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுப்பதோ கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிப்பதோ 13 மாதக் கணக்கில்தான் இருக்க வேண்டும். தவறினால் மாற்றிக்கொள்ள முடியாதவை அவை. வேலையாட்களிடம் 13 என்று சொல்லத் தேவையில்லை. சொன்னால் அந்த இரண்டு மாதமும் முதல் வாரத்திலேயே செலவாகத் தொடங்கிவிடும்.

கடைசியாக, பதிவு நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தேதி தள்ளிப்போகும்போது பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதுதான் எல்லா அலுவலகங்களிலும் வழக்கம். அப்படிச் செய்தால் வேலை முடியும்போது, திருத்தப்பட்ட தேதிக்குச் சரியாக முடிந்ததாகவே பதிவு காட்டும். வகுத்துப் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் 1.0 என்று வரும். முதலில் சொன்ன தேதிக்குத் தனியாக ஒரு பத்தி வைத்து, அதை மையில் எழுதிவிட வேண்டும். திருத்தங்களை அதற்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதிக்கொள்ளலாம்.